நாற்பத்தைந்து நிமிடப் பாடத்தை எங்கே வெட்டுவது?

காய்ச்சலில் இரண்டு நாள் பள்ளிக்கு வராத மாணவருக்கு முக்கால் மணி நேரப் பதிவை அப்படியே அனுப்பினால், பெரும்பாலும் அவர் அதை ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பார். எட்எக்ஸ் இணையப் பாடங்களை ஆராய்ந்து பிலிப் குவோவும் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காணொளி எவ்வளவு நீண்டிருந்தாலும் இடைநிலையான பார்வை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வகுப்பில் எடுத்த பதிவை வெறுமனே துண்டாக்கினால், குறுங்காணொளிக்கென்றே திட்டமிட்டு எடுத்த பாடம் அளவுக்கு அது மாணவரைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டுப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் காரணிப்படுத்தலை முடித்து, வர்க்கப் பூர்த்தி முறைக்கு வருகிறார். கரும்பலகையில் x² + 6x − 7 = 0. மாறிலியை வலப்பக்கம் கொண்டுபோய், இருபுறமும் 9 சேர்த்து, (x + 3)² = 16 என்கிறார். விடை 1, −7. பத்து நிமிடத்துக்கு ஒரு வெட்டு என்று கடிகாரத்தைப் பார்த்து வெட்டியிருந்தால், 9 எங்கிருந்து வந்தது என்று சொல்லும் இடத்திலேயே கத்தி விழுந்திருக்கும்.

பலகையைப் பார்த்து வெட்டுவது நல்லது. ஆசிரியர் அழிப்பானை எடுக்கும் இடம், புதுத் தலைப்பு எழுதும் இடம் இவையே இயல்பான எல்லைகள். படத்தை வேகமாக ஓட்டினாலே இவை கண்ணில் படும். ஒலி கூடத் தேவையில்லை.

ஆனால் இரண்டு இடங்களில் இந்த வழி ஏமாற்றும். சூத்திர முறைக்குப் போனபின் ஒரு மாணவி, "சார், அந்த 9 ஏன் சார்?" என்று கேட்பாள். நேரப்படி அது மூன்றாம் துண்டு, பொருளால் இரண்டாவது. அதைப் பிரித்து இரண்டாம் துண்டின் முடிவில் ஒட்ட வேண்டும். மற்றது, "மேலே போட்ட கணக்கையே இதிலும் போடுவோம்" என்று ஆசிரியர் கைகாட்டுவது. அந்தக் கணக்கு அழிந்துபோயிருந்தால் துண்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. அழிப்பதற்கு முந்தைய பலகையை நிழற்படமாகத் துண்டின் தொடக்கத்தில் ஐந்து நொடி காட்டினால் போதும்.

வெட்டுவதற்கு இலவசக் கருவியான ffmpeg போதும்:

```
ffmpeg -ss 00:18:42 -to 00:26:05 -i class.mp4 -c:v libx264 -c:a aac part2.mp4
```

பலர் நேரம் மிச்சம் என்று -c copy போடுவார்கள். வேலை நொடியில் முடியும். ஆனால் காணொளியில் முழுப்படம் சில நொடிக்கு ஒருமுறைதான் பதிவாகிறது, இடையில் இருப்பது மாற்றங்கள் மட்டுமே. அதனால் தொடக்கம் முந்தைய முழுப்படத்துக்கு நழுவி, போன தலைப்பின் வால் ஒட்டிக்கொள்ளும். சில செயலிகளில் குரல் கேட்க, படம் உறைந்து நிற்கும். துண்டின் முதல் ஐந்து நொடியைப் போட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.