நிரப்பக் கொடுத்தாள், நிரப்பிக்கொடுத்தாள்

தபால் நிலையத்தில் ஒரு பாட்டி பணம் எடுக்க வந்திருக்கிறார். கவுன்டரில் இருக்கும் பெண் ஒரு படிவத்தை எடுக்கிறாள். அடுத்து நடந்ததை மூன்று விதமாக எழுதலாம். ‘பாட்டிக்குப் படிவத்தை நிரப்பக் கொடுத்தாள்’ என்றால் எழுதும் வேலை பாட்டியுடையது. ‘நிரப்பிக் கொடுத்தாள்’ என்றால் அவளே எழுதி, தாளைப் பாட்டியின் கையில் கொடுத்தாள். ‘நிரப்பிக்கொடுத்தாள்’ என்றால் அவளே எழுதினாள், பாட்டிக்கு உதவியாக எழுதினாள். தாள் யார் கைக்குப் போனது என்பது இங்கே பேச்சே இல்லை. முதலாவதற்கும் மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் உயிரெழுத்துதான். நிரப்ப, நிரப்பி.

மூன்றாவது வாக்கியத்தில் வரும் ‘கொடு’ துணைவினை. கொடுத்தல் என்ற சொந்தப் பொருளை விட்டுவிட்டு, ‘இன்னொருவருக்குப் பயன்படும்படி’ என்ற பொருளை முன்னால் நிற்கும் வினைக்குத் தருகிறது. ‘பாட்டிக்குக் கதவைத் திறந்துகொடுத்தான்’ என்பதில் யாரும் யாரிடமும் கதவைக் கொடுக்கவில்லை. பயன் தனக்கே வருமானால் அந்த இடத்தில் ‘கொள்’ வரும்: ‘முகவரியைக் குறித்துக்கொண்டாள்.’ பின்னால் உதவும் என்று இப்போதே செய்து முடிப்பதற்கு ‘வை’: ‘மாவு அரைத்துவைத்தாள்.’ வேலை முடிந்தது, இனி மாற்ற முடியாது என்பதற்கு ‘விடு’: ‘ரயில் போய்விட்டது.’ நம் பேச்சில் இந்த ‘விடு’ வராத நிமிடமே இல்லை. வந்துட்டான், போயிட்டு வரேன் என்று தேய்ந்தும் கரைந்தும் கிடப்பது அதுதான். முடிவோடு கூடவே ‘ஐயோ’ என்ற தொனியையும் அது கொண்டுவரும். ‘பால் பொங்கியது’ பொங்கல் நாளில் சொல்வது. ‘பால் பொங்கிவிட்டது’ என்றால் அடுப்பைத் துடைக்க வேண்டும்.

இந்தத் துணைவினைகள் ஒட்டிக்கொள்வது வினையெச்சத்தோடுதான்: செய்து, எழுதி, வந்து, போய். பெரும்பாலான வினைகளுக்கு இறந்தகாலத்திலிருந்தே இதைப் பிடித்துவிடலாம். வந்தான் என்றால் வந்து, கேட்டான் என்றால் கேட்டு, எழுதினான் என்றால் எழுதி. சில வினைகள் இந்த வழிக்கு வருவதில்லை. போனான், ஆனால் ‘போய்’. சொன்னான், ஆனால் ‘சொல்லி’. சந்தேகம் வந்தால் வினைக்குப் பின்னால் ‘முடித்தான்’ என்பதைப் போட்டுப் பாருங்கள். சொல்லி முடித்தான், எழுதி முடித்தான், செய்து முடித்தான். ‘முடித்தான்’ என்பதற்கு முன்னால் தானாக வாயில் வரும் வடிவம்தான் விடு, கொள், கொடு, வை என்ற நான்குக்கும் வேண்டிய வடிவம்.

‘செய்து’ இருக்க வேண்டிய இடத்தில் ‘செய்ய’ வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பாட்டியின் படிவம் காட்டியது. மற்ற துணைவினைகளிலும் அதே கதை. ‘போய்விட்டான்’ என்றால் போனவன் அவன். ‘போகவிட்டான்’ என்றால் போனது வேறொருவர், இவன் தடுக்கவில்லை. ‘படித்துவைத்தார்’ என்றால் அவரே முன்கூட்டிப் படித்தார். ‘படிக்கவைத்தார்’ என்றால் பிள்ளையைப் படிக்கச் செய்தார். ஆகவே எழுதியதைச் சரிபார்க்கும்போது ‘முதல் வினையைச் செய்தது யார்?’ என்று கேளுங்கள். இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரே என்றால் செய்து, எழுதி என்ற வடிவம். முதல் வினைக்கு வேறு ஆள் என்றால் செய்ய, எழுத. இந்தக் கேள்வி விடு, வை, கொடு மூன்றுக்கும் பொருந்தும். ‘செய்ய வேண்டும்’, ‘செய்ய முடியும்’ போன்றவற்றுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அகரத்தில் முடிந்தாலும் ஆள் ஒருவர்தான்.

அடுத்து, நடுவில் க் வருமா என்ற கேள்வி. அச்சில் நான் மிகுதியாகப் பார்க்கும் பிழை இங்கேதான், அதுவும் இரண்டு பக்கமும். ‘எழுதி கொடுத்தான்’ என்று வேண்டிய க்-கை விடுகிறார்கள். ‘செய்துக் கொடுத்தான்’ என்று வேண்டாததைச் சேர்க்கிறார்கள். எச்சம் இகரத்தில் முடிந்தாலும் ய்-யில் முடிந்தாலும் பின்னால் வரும் வல்லினம் மிகும்: எழுதிக்கொடுத்தான், போய்ச் சேர்ந்தான். உகரத்தில் முடிந்தால் கடைசிக்கு முந்திய எழுத்தைப் பாருங்கள். அது வல்லின மெய்யாக இருந்தால், அதாவது த்து, ட்டு, ற்று என்று முடிந்தால், மிகும்: படித்துக்கொடுத்தான், கேட்டுக்கொண்டான், விற்றுக்கொடுத்தான். வேறு எதுவாக இருந்தாலும் மிகாது: செய்துகொடுத்தான், திறந்துகொடுத்தான், அழுதுகொண்டான். விடுவும் வையும் வகரத்தில் தொடங்குவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதில் பத்திரிகைக்குப் பத்திரிகை வழக்கம் வேறு. துணைவினையைச் சேர்ப்பதும் முழுவினையைப் பிரிப்பதும்தான் நல்லது என்பது என் கட்சி. ‘மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்தாள்’ என்றால் துண்டுகள் கைக்கு வந்தன. ‘நறுக்கிக்கொடுத்தாள்’ என்றால் விருந்துச் சமையலில் கூட நின்று உதவினாள் என்றும் கொள்ளலாம். பேசும்போது குரல் காட்டுகிற வேறுபாட்டை எழுத்தில் அந்த இடைவெளி ஒன்றுதான் காட்ட முடியும்.

துணைவினைகள் இரண்டு அடுக்கி வரும்போது வரிசையையும் பார்க்க வேண்டும். கவுன்டர்ப் பெண்ணிடம் மேலதிகாரி கேட்கிறார், பாட்டியின் படிவம் என்ன ஆயிற்று என்று. ‘நிரப்பிக்கொடுத்துவிட்டேன் சார்’ என்கிறாள். நிரப்பி என்பது எச்சம், கொடுத்து என்பதும் எச்சம், காலமும் ‘ஏன்’ விகுதியும் ஏறுவது கடைசியில் நிற்கும் ‘விடு’ மேல் மட்டும். உதவி முதலில், முடிவு கடைசியில். இதைத் திருப்பிப்போட்டு ‘நிரப்பிவிட்டுக் கொடுத்தேன்’ என்றால் நிரப்பும் வேலை முடிந்த பிறகு கொடுத்தேன் என்று ஆகிவிடும். ‘கொடு’ மறுபடி முழுவினையாகி, தாள் கைமாறுகிறது.

எதிர்மறையில் ‘விடு’ பெரும்பாலும் கழன்றுகொள்ளும். ‘பஸ் வந்துவிட்டதா?’ என்று கேட்டால் ‘இன்னும் வரவில்லை’ என்போமே தவிர, ‘வந்துவிடவில்லை’ என்போமா? முடியாத காரியத்துக்கு முடிவைக் காட்டும் சொல் தேவைப்படுவதில்லை. ‘அவர் ஒன்றும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை’ என்று, யாரோ சொன்னதை மறுக்கும்போது மட்டும் அது திரும்பி வரும். ஏவலில் அப்படி இல்லை. ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்பது சாதாரணத் தடை. ‘சொல்லிவிடாதே’ என்பதில், வாய் தவறியாவது சொல்லிவிடுவாயோ என்ற பயமும் சேர்ந்திருக்கிறது.

‘கொடு’ இருக்கும் இடத்தில் ‘தா’வும் வரும். பயன் பெறுபவர் பேசுகிறவரோ கேட்கிறவரோ என்றால் தருதல், மூன்றாம் ஆள் என்றால் கொடுத்தல் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரிக்கிறது. இன்றைய வழக்கில் அந்தக் கோடு நிறையவே அழிந்துவிட்டது. ஆனாலும் ‘எனக்குக் கணக்குச் சொல்லித்தா’, ‘தம்பிக்குச் சொல்லிக்கொடு’ என்று வீட்டில் பேசுகிறபோது பலர் வாயில் அது இன்னும் நிற்கிறது. ‘தா’வுக்கும் சந்தி அதே கணக்கு: சொல்லித்தந்தார், படித்துத்தந்தார், செய்துதந்தார்.