உச்சியில் யார் நிற்பது?

சீனாவில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் என்.ஓ.ஐ.பி. நிரல் போட்டியில், 2004ஆம் ஆண்டு உயர்பிரிவின் மூன்றாவது கேள்வி ஒரு பாட்டு ஆசிரியரைப் பற்றியது. மாணவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சிலரை வெளியே வரச் சொல்லி, மிச்சமிருப்பவர்களை வைத்துச் சேர்ந்திசைக் குழு அமைக்க வேண்டும். குழுவின் உயரம் இடமிருந்து ஏறிக்கொண்டே போய் ஒருவரிடம் உச்சத்தைத் தொட்டு, பிறகு வலப்பக்கம் இறங்கிக்கொண்டே வர வேண்டும். யாரும் இடம் மாறி நிற்கக் கூடாது. குறைந்தபட்சம் எத்தனை பேரை வெளியேற்றினால் போதும் என்பதுதான் கேள்வி.

கேள்வித்தாளில் மாதிரிக்குக் கொடுத்திருந்த எட்டு உயரங்கள், சென்டிமீட்டரில், இவை: 186, 186, 150, 200, 160, 130, 197, 220. விடை 4. நான்கு பேர் வெளியே, நான்கு பேர் உள்ளே.

குறைந்தபட்சம் எத்தனை பேரை நீக்குவது என்ற கேள்வியைப் புரட்டிப்போட்டால், அதிகபட்சம் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி வரும். ஒரு வரிசையில் சிலவற்றை விட்டுவிட்டு, மீதியின் முன்பின் ஒழுங்கைக் கலைக்காமல் எடுப்பதைத் துணைவரிசை என்கிறோம். ஏறி இறங்கும் துணைவரிசைக்குக் கணினித் துறையில் பைடோனிக் என்று பெயர். அவற்றில் மிக நீளமானதைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

எட்டுப் பேர் என்றால் ஒவ்வொருவரையும் வைத்தும் எடுத்தும் பார்த்துவிடலாம். மொத்தம் 256 வகைதான். போட்டியிலோ நூறு பேர் வரை வரலாம். அப்போது பார்க்க வேண்டிய வகைகளின் எண்ணிக்கை 31 இலக்கங்களில் போய் நிற்கும். எந்தக் கணினியாலும் அது ஆகாது.

முதலில் தோன்றும் குறுக்கு வழி ஒன்று உண்டு. மிக நீளமான ஏறுவரிசையையும் மிக நீளமான இறங்குவரிசையையும் தனித்தனியே கண்டுபிடித்து ஒட்டிவிடலாமே என்று நினைப்போம். நம் எட்டுப் பேரில் மிக நீளமான ஏறுவரிசை 150, 160, 197, 220, நான்கு பேர். மிக நீளமான இறங்குவரிசை 200, 160, 130, மூன்று பேர். உச்சியில் ஒருவர் பொது என்று ஒன்றைக் கழித்தால் ஆறு வருகிறது. ஆனால் சரியான விடை நான்கு. ஏறுவரிசை 220இல் முடிகிறது, இறங்குவரிசை 200இல் தொடங்குகிறது. 220க்குப் பிறகு வரிசையில் ஆளே இல்லை. ஒரே உச்சியில் சந்திக்காத இரண்டு சரிவுகளைக் கூட்டி எண் மட்டும் வாங்கினால், அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்க ஒரு குழுவும் இருக்காது.

உயரமானவரைத்தான் உச்சியில் நிறுத்த வேண்டும் என்பது அடுத்துத் தோன்றும் எண்ணம். அதுவும் சரியில்லை. 190, 140, 150, 160, 150, 140 என்று ஆறு பேர் நிற்பதாக வையுங்கள். 190ஐ உச்சியாக்கினால் 190, 160, 150, 140 என நான்கு பேர்தான் தேறுவார்கள். அவரை அனுப்பிவிட்டு 160ஐ உச்சியாக்கினால் ஐந்து பேர் நிற்கலாம்.

ஆகவே உச்சி யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது. முடிவு செய்யத் தேவையும் இல்லை. ஒவ்வொருவரையும் முறை வைத்து உச்சியில் நிறுத்திப் பார்த்தால் போதும். இந்தத் தீர்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உச்சியில் நிற்பவர் இன்னார் என்று ஆனவுடன், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே எந்தத் தொடர்பும் மிஞ்சுவதில்லை. இடப்பக்கம் எவரைத் தேர்ந்தெடுத்தாலும், அது வலப்பக்கத்தில் எவர் நிற்கலாம் என்பதைப் பாதிக்காது. இரு பக்கத்தாருக்கும் உள்ள ஒரே நிபந்தனை உச்சிக்காரரைவிடக் குட்டையாக இருப்பது. ஆகையால் இடப்பக்கத்தின் மிகச் சிறந்ததையும் வலப்பக்கத்தின் மிகச் சிறந்ததையும் தயங்காமல் கூட்டலாம். முன்பு தவறாகிப்போன அதே கூட்டல், உச்சியை நிலைநிறுத்திய பிறகு சரியாகிவிடுகிறது.

இதற்காக இரண்டு அட்டவணைகள் போடுகிறோம். முதலாவது இடமிருந்து வலமாக. ஒவ்வொருவருக்கும் நேராக, அவரில் வந்து முடியும் மிக நீளமான ஏறுவரிசையில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தனக்கு இடப்பக்கம் தன்னைவிடக் குட்டையானவர்கள் யார் யார் என்று பார்த்து, அவர்களுக்கு ஏற்கெனவே எழுதிய எண்களில் பெரியதை எடுத்து, ஒன்று கூட்டினால் ஆயிற்று. அப்படி யாரும் இல்லையென்றால் 1.

முதல் 186க்கு 1. இரண்டாம் 186க்கும் 1தான். சம உயரக்காரர் ஏற்றத்தில் சேர மாட்டார். 150க்கு 1. 200க்கு முன்னால் குட்டையானவர்கள் மூவர், மூவருக்கும் 1, ஆகவே 2. 160க்கு 150 துணை, 2. 130க்கு யாரும் இல்லை, 1. 197க்கு 160 இருக்கிறார், அவருக்கு 2; ஆகவே 3. 220க்கு 197 இருக்கிறார்; 4. முதல் அட்டவணை: 1, 1, 1, 2, 2, 1, 3, 4.

இரண்டாம் அட்டவணையை வலக்கோடியிலிருந்து அதே விதிப்படி நிரப்புகிறோம். வலமிருந்து பார்த்தால் இறக்கமும் ஏற்றம்தான். 220, 197, 130 மூவருக்கும் வலப்பக்கம் குட்டையானவர் எவரும் இல்லாததால் ஆளுக்கு 1. 160க்கு 130 உண்டு, 2. 200க்கு 160 உண்டு; 3. 150க்கு 130 மட்டுமே, 2. இரண்டு 186களுக்கும் 150 அல்லது 160 வழியாக 3. இடமிருந்து எழுதினால்: 3, 3, 2, 3, 2, 1, 1, 1.

இனி ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். உச்சிக்காரர் இரு அட்டவணையிலும் எண்ணப்பட்டிருக்கிறார் அல்லவா? அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் எல்லா விடையும் ஒன்று கூடுதலாக வரும். கிடைப்பது: 3, 3, 2, 4, 3, 1, 3, 4. பெரியது 4. எட்டில் நான்கு போக நான்கு.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
h = [186, 186, 150, 200, 160, 130, 197, 220]
n = len(h)
L = [1] * n
R = [1] * n
for i in range(n):
    for j in range(i):
        if h[j] < h[i]:
            L[i] = max(L[i], L[j] + 1)
for i in range(n - 1, -1, -1):
    for j in range(i + 1, n):
        if h[j] < h[i]:
            R[i] = max(R[i], R[j] + 1)
print(n - max(L[i] + R[i] - 1 for i in range(n)))
```

நூறு பேர் என்றால் ஓர் அட்டவணைக்கு 4,950 ஒப்பீடு. இரண்டுக்கும் சேர்த்துப் பத்தாயிரம்கூட இல்லை.

இதில் `<` என்ற குறிக்குப் பதில் `<=` போட்டால் என்ன ஆகும்? இரண்டு 186களும் அடுத்தடுத்து ஏற்றத்தில் சேர்ந்துவிடுவார்கள். 200க்கு முதல் அட்டவணையில் 3 வரும். 186, 186, 200, 160, 130 என்று ஐந்து பேர் நிற்பதாகக் கணக்குச் சொல்லும். நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடியும், விடை மட்டும் தவறு. எண்கள் எல்லாமே வெவ்வேறாக உள்ள மாதிரியை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. சம எண்கள் உள்ள மாதிரியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். போட்டிக் கேள்வியைத் தயாரித்தவர்கள் மாதிரியின் தொடக்கத்திலேயே இரண்டு 186களை நிறுத்தியது மாணவர்களுக்குச் செய்த பெரிய உதவி.

கடைசி வரிசையில் இன்னொன்றையும் கவனியுங்கள். 4 இரண்டு இடத்தில் வருகிறது. 200ஐ உச்சியாக வைத்தால் 186, 200, 160, 130. ஏற்றமும் இறக்கமும் உண்டு. 220ஐ உச்சியாக வைத்தால் 150, 160, 197, 220. இதில் இறக்கமே இல்லை. என்.ஓ.ஐ.பி. கேள்வியில் உச்சி முதல் ஆளாகவோ கடைசி ஆளாகவோ இருக்கலாம் என்று விதி இருந்ததால் இரண்டும் செல்லும். லீட்கோட் தளத்தில் 1671ஆம் எண்ணில் உள்ள மலைக் கேள்வியில் அப்படி இல்லை. இரு பக்கமும் சரிவு இருந்தே ஆக வேண்டும். அங்கே இரண்டு அட்டவணையிலும் 1ஐவிடப் பெரிய எண் பெற்றவர்களை மட்டுமே உச்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நம் எட்டுப் பேரில் அந்தத் தகுதி 200க்கும் 160க்கும் மட்டும்தான்.

வரிசை மிக நீண்டுவிட்டால் இந்த முறை திணறும். யு.வி.ஏ. தொகுப்பில் 10534ஆம் கேள்வியில் பத்தாயிரம் எண்கள் வரை வரும்; ஒப்பீடுகள் பத்துக் கோடியைத் தொடும். அப்போது அட்டவணையை நிரப்ப வேறொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நீளத்துக்கும், அந்த நீளமுள்ள ஏறுவரிசை முடியக்கூடிய மிகச் சிறிய எண்ணை மட்டும் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்வோம். புதிய எண் வந்தால், பட்டியலில் அதற்குச் சமமாகவோ பெரியதாகவோ உள்ள முதல் எண்ணை எடுத்துவிட்டு அங்கே இதை வைப்போம். அப்படி எதுவும் இல்லையென்றால் கடைசியில் சேர்ப்போம். போய் உட்கார்ந்த இடம் எத்தனையாவதோ அதுதான் அட்டவணை எண். பட்டியல் எப்போதும் ஏறுமுகமாகவே இருப்பதால், பாதி பாதியாக வெட்டித் தேடினால் பத்தாயிரம் எண்களிலும் 14 முறைக்குள் இடம் தெரிந்துவிடும். வலப்பக்க அட்டவணைக்கு வரிசையைத் திருப்பிப் போட்டு இதையே செய்யலாம்.

நம் எட்டுப் பேரை இப்படி ஓட்டினால் பட்டியல் கடைசியில் 130, 160, 197, 220 என்று நிற்கும். நீளம் நான்கு என்பது சரி. ஆனால் இந்த நால்வரை அப்படியே குழுவாக நிறுத்த முடியாது. வரிசையில் 160க்குப் பின்னால்தான் 130 நிற்கிறார். இந்தப் பட்டியலை விடை என்று அச்சிட்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிடுபவர்கள் நிறைய. யார் யார் என்று பெயர் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்தபோது அவருக்கு முன்னால் துணையாக நின்றவர் யார் என்பதையும் குறித்துவைத்து, உச்சியிலிருந்து இரு பக்கமும் அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

படித்ததைச் சரிபார்க்க 2, 1, 1, 5, 6, 2, 3, 1 என்ற வரிசையை எடுத்து, பென்சிலால் இரண்டு அட்டவணையையும் போட்டுப் பாருங்கள். உச்சி 6, இரு அட்டவணையிலும் அதற்கு 3, மிஞ்சுவது ஐந்து, நீக்குவது மூன்று என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.