939 கோடி லாபம், 11 கோடி ரொக்கம்

2002 ஜூன் 25 அன்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்ட்காம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐந்து காலாண்டுகளில் 380 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவு கணக்கில் தவறான இடத்தில் எழுதப்பட்டுவிட்டது என்றது அது. அதைத் திருத்தினால் 2001ஆம் ஆண்டின் எபிட்டா 939 கோடி டாலர் அல்ல, 634 கோடிதான். அதே ஆண்டுக்குக் காட்டியிருந்த 138 கோடி டாலர் நிகர லாபமும் நஷ்டமாகிவிடும். நான்கு வாரம்கூடத் தாங்கவில்லை. ஜூலை 21 அன்று நிறுவனம் திவால் மனு போட்டது. அமெரிக்காவில் அதுவரை நடந்த திவால்களில் அதுவே பெரியது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தவறான கணக்கால் கம்பெனியின் வங்கி இருப்பு ஒரு டாலர்கூட ஏறவோ இறங்கவோ இல்லை. செலவு நடந்தது நடந்ததுதான். எந்தப் பத்தியில் எழுதினார்கள் என்பது மட்டுமே மாறியது. அதற்கே லாபம் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் கண்டது.

எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் எதையும் கழிப்பதற்கு முன்னால் வியாபாரத்தில் நிற்கும் லாபம். நம் ஊர்க் கம்பெனிகளின் காலாண்டு அறிவிப்புகளிலும் முதல் வரியில் பெருமையாக வந்து உட்காருவது இதுதான். 1970களில் அமெரிக்கக் கேபிள் டிவி தொழிலில் டிசிஐ நிறுவனத்தின் ஜான் மலோன் இந்த அளவுகோலைப் பிரபலமாக்கினார். ஊர் ஊராகக் கேபிள் பதித்த அந்தக் கம்பெனிகளுக்குத் தேய்மானமும் கடன் வட்டியும் அதிகம். நிகர லாபம் என்று ஏதும் மிஞ்சாது. ஆனால் மாதாமாதம் சந்தா வந்துகொண்டிருக்கும். கடனுக்கு வட்டி கட்டும் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க அது உதவியது. அந்த அளவில் நியாயமான கருவிதான்.

சிக்கல் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டுவதில் இருக்கிறது. பத்துக் கோடிக்கு ஓர் இயந்திரம் வாங்கி, அது பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒரு கோடி தேய்மானமாகக் கணக்கில் ஏறும். அந்த ஒரு கோடி இந்த வருடம் யாருக்கும் கொடுத்த பணமில்லை, அதனால் சேர்க்க வேண்டாம் என்பது எபிட்டாவின் வாதம். வாங்கிய வருடத்தில் கொடுத்த பத்துக் கோடியோ மூலதனச் செலவு; அது லாபக் கணக்குக்கே வராது. ஆக, எந்த வருடத்தின் எபிட்டாவை எடுத்துப் பார்த்தாலும் அந்த இயந்திரம் இனாமாக வந்ததுபோலவே இருக்கும்.

ஃப்ரீ கேஷ் ஃப்ளோ இதற்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. வியாபாரத்தால் உண்மையில் கைக்கு வந்த பணம் எவ்வளவு என்று பார்த்து, அதிலிருந்து கட்டடம், இயந்திரம் போன்றவற்றுக்குக் கொடுத்த பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது அது. கடனை அடைக்கவும் டிவிடெண்ட் தரவும் இதிலிருந்துதான் எடுக்க முடியும்.

வேர்ல்ட்காம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கொண்டுசேர்க்க மற்றத் தொலைபேசி நிறுவனங்களின் கம்பிகளையும் பயன்படுத்தியது. அதற்குக் கொடுத்த வாடகையே அதன் மிகப் பெரிய செலவு. இணைய அலை உச்சத்தில் இருந்தபோது, தேவை கட்டுக்கடங்காமல் பெருகும் என்று நம்பி நீண்ட கால ஒப்பந்தங்கள் போட்டார்கள். 2000இல் அலை ஓய்ந்தது. கம்பிகள் சும்மா கிடந்தன. வாடகை மட்டும் ஓடியது. பயன்படாத கம்பிகளின் வாடகை எதிர்கால வருமானத்துக்கான முதலீடுதானே என்று நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். காலாண்டு முடிந்ததும், சொல்லிவைத்த லாபத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவு வாடகையை எடுத்து மூலதனச் செலவில் போட்டார்கள். 2001இல் மட்டும் இப்படி நகர்ந்தது 305 கோடி டாலர்.

வெளியே இது தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அது ஒரு விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததுதான். 2001இல் வருமானம் சுமார் 3,518 கோடி டாலர், காட்டிய கம்பி வாடகை 1,474 கோடி, அதாவது வருமானத்தில் 42 சதவீதம். வழக்கமான அளவு. மறைத்ததையும் சேர்த்தால் 51 சதவீதத்துக்கு எகிறும். விலைப்போட்டியில் திணறிய தொழிலில் ஒரு கம்பெனிக்கு மட்டும் செலவு விகிதம் அசையாமல் நின்றது. சந்தேகப்பட அதுவே போதுமான காரணம். அன்று பங்குச் சந்தையில் பலருக்கு அது நிர்வாகத் திறமையாகத் தெரிந்தது.

இப்போது ரொக்கக் கணக்கைப் பார்க்கலாம். அதே 2001இல் வியாபாரத்தால் வந்த பணம் என்று நிறுவனம் காட்டியது 799 கோடி டாலர். மூலதனச் செலவு 789 கோடி. மிஞ்சியது கிட்டத்தட்ட 11 கோடி. நகர்த்திய 305 கோடியைத் திருப்பி வைத்தால் முதல் எண் 494 கோடியாகக் குறையும். மூலதனச் செலவும் 483 கோடியாக இறங்கும். மிஞ்சுவது அதே 11 கோடி. இரண்டு எண்களும் சேர்ந்தே நகர்வதால் கழித்தால் விடை மாறாது. சல்லிவனின் வித்தை எபிட்டாவை ஏமாற்றியது, நிகர லாபத்தை ஏமாற்றியது, வியாபாரத்தால் வந்த ரொக்கம் என்ற வரியைக்கூட ஏமாற்றியது. ஃப்ரீ கேஷ் ஃப்ளோவைத் தொடக்கூட முடியவில்லை.

அதற்கு முந்தைய வருடம் இன்னும் மோசம். 2000இல் வந்தது 767 கோடி, போட்டது 1,148 கோடி. பற்றாக்குறை 380 கோடிக்கு மேல். (மோசடித் தொகையும் ஏறக்குறைய இதே எண் என்பது தற்செயல்.) 1999இலோ இதே கம்பெனியிடம் 230 கோடி டாலர்போல மிஞ்சியிருந்தது. மோசடியைக் கண்டுபிடிக்காமலே, அச்சிட்ட ஆண்டறிக்கையை வைத்தே ஒருவர் இந்தச் சரிவைப் பார்த்திருக்கலாம்.

மோசடியைப் பிடித்தது உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவருடைய குழுவும். மூலதனச் செலவுப் பதிவுகளைத் துருவியபோது ‘ப்ரீபெய்ட் கெபாசிட்டி’ என்று ஒரு பெயர் வந்தது. அது என்ன பொருள், எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கோடிக்கணக்கான டாலர் பதிவுகளுக்குப் பின்னால் ஒரு பில் இல்லை. விசாரணை முடிந்தபோது ஒட்டுமொத்தக் கணக்குமோசடி 1,100 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருந்தது. தலைமை நிர்வாகி பெர்னார்ட் எபர்ஸுக்கு 2005இல் 25 வருடச் சிறை விதிக்கப்பட்டது.

மோசடி நடந்தால்தான் லாபமும் பணமும் பிரியும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சட்டப்படி சரியாகக் கணக்கு எழுதியும் ஒரு கம்பெனி பணமில்லாமல் சாகலாம். கணக்கியல் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லப்படும் டபிள்யூ.டி. கிராண்ட் அப்படித்தான் செத்தது.

1906இல் தொடங்கி, அமெரிக்கா முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளாக விரிந்த சில்லறை வியாபார நிறுவனம் அது. மலிவான துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்றுவந்த கடை, பெரிய பொருட்களுக்கு மாறியபோது தவணையில் கொடுக்க ஆரம்பித்தது. கடன் அட்டைக்கு ஆள் சேர்க்கச் சொல்லி ஊழியர்களை விரட்டினார்கள். இலக்கை எட்டாத மேலாளர் முகத்தில் க்ரீம் பையை அப்பும் சடங்குகூட இருந்தது. இந்த விரட்டலில் யார் வந்தாலும் கடன்.

ஒரு வாடிக்கையாளர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தவணையில் எடுத்துப்போகிறார் என்று வையுங்கள். விற்பனை அன்றே கணக்கில் முழுதாக ஏறும்; லாபமும் அன்றே. பெட்டியைச் சப்ளை செய்தவருக்கு ஓரிரு மாதத்தில் பணம் கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளரின் பணமோ சொட்டுச் சொட்டாக வரும், சில வேளை வராமலும் போகும். அந்த இடைவெளியை வங்கிக் கடனால் அடைக்க வேண்டும். விற்பனை கூடக் கூட லாபம் கூடும், கடனும் கூடும்.

1973 வரை கிராண்ட் லாபம் காட்டியது, டிவிடெண்ட் கொடுத்தது. அந்த வருடம் அதன் பங்கு, வருடாந்தர லாபத்தைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு விலைக்குப் போனது. ஆனால் திவாலுக்கு முந்தைய பத்தாண்டுகளில் பெரும்பாலான வருடங்களில் அதன் வியாபாரம் ரொக்கம் தரவேயில்லை என்று பிறகு அறிக்கைகளை அலசிய ஜேம்ஸ் லார்கே, கிளைட் ஸ்டிக்னி என்ற இரு பேராசிரியர்கள் 1980இல் காட்டினார்கள். வர வேண்டிய பாக்கியும் கடைகளில் தேங்கிய சரக்கும் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. 1974இல் 143 வங்கிகள் சேர்ந்து 60 கோடி டாலர் கடன் கொடுத்தும் பயனில்லை. 1975 அக்டோபரில் கிராண்ட் திவால் மனு போட்டது.

அப்படியானால் ரொக்கக் கணக்கு பொய்யே சொல்லாதா? சொல்லும். சப்ளையர்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்தால் அந்த வருடம் கையில் காசு அதிகமாகவே தெரியும். பிரிட்டனின் கட்டுமான நிறுவனமான காரிலியன் சப்ளையர்களுக்கு 120 நாள் தவணை சொன்னது. முன்னதாகவே பணம் வேண்டுமென்றால் வங்கி கழிவு பிடித்துக்கொண்டு கொடுக்கும். காரிலியன் பிறகு வங்கிக்குக் கட்டும். உண்மையில் இது வங்கிக் கடன். ஐந்தொகையில் அது கடன் என்ற தலைப்பில் வரவில்லை. அப்படி இடம் மாறியது ஏறக்குறைய 50 கோடி பவுண்டு வரை இருக்கும் என்று மூடிஸ் கணக்கிட்டது. 2018 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டபோது கையில் இருந்தது 2.9 கோடி பவுண்டு ரொக்கம்.

மறுபக்கமும் உண்டு. புதிய தொழிற்சாலை கட்டும் கம்பெனிக்கு இரண்டு மூன்று வருடம் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ கழித்தல் குறியில் இருப்பது இயல்பு. ஆலை ஓடத் தொடங்கியபிறகும் அது மாறவில்லை என்றால்தான் கேள்வி.

இந்தியக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் இதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். பணப்புழக்க அறிக்கையின் முதல் பகுதியில், நடைமுறை மூலதன மாற்றங்களுக்கு முந்தைய செயல்பாட்டு லாபம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அது எபிட்டாவுக்குப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் எண். அதற்குக் கீழே வர வேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு, கொடுக்க வேண்டிய பாக்கி, கட்டிய வரி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்து, வியாபாரத்தால் கிடைத்த நிகர ரொக்கத்தில் முடிப்பார்கள். அடுத்த பகுதியில் நிலம், கட்டடம், இயந்திரம் வாங்கிய தொகை இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வேலை முடிந்தது. ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். ஐந்து வருடத்தைக் கூட்டி, அதே ஐந்து வருட எபிட்டாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உசிதம். விற்பனை பத்து சதவீதம் வளர, பாக்கி முப்பது சதவீதம் வளர்ந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பணமே அவர்களுக்குச் சரக்கு.

செபி விதிப்படி பட்டியலிட்ட நிறுவனங்கள் லாப நஷ்டக் கணக்கைக் காலாண்டுதோறும் வெளியிடுகின்றன. பணப்புழக்க அறிக்கை கட்டாயமாவது அரையாண்டுக்கு ஒருமுறைதான். ஜூன், டிசம்பர் காலாண்டு முடிவுகளில் எபிட்டா உயர்ந்ததாகப் படிப்பவர், அந்த லாபம் வசூலானதா என்று தெரிந்துகொள்ள அடுத்த மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டியதுதான்.