மஞ்சள் மாத்திரை எது?



அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து எங்களிடம் வந்த ஒரு தாயாரைப் பற்றி எழுதுகிறோம். முடக்குவாதத்திற்காக அவர்கள் ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம் மாத்திரை மூன்றும், மற்ற ஆறு நாட்களும் ஃபோலிக் ஆசிட் ஒன்றும் சாப்பிட்டு வந்தார்கள். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகள். நம் நாட்டு மாத்திரைகள் பலவற்றின்மேல் பெயர் இராது, அட்டையில்தான் இருக்கும்.

மகள் நான்கு வார மாத்திரைகளை 28 அறைப் பெட்டியில் நிரப்பி, அட்டைகளை எறிந்துவிட்டார். முதல் ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலையில் பெட்டி கைதவறி விழுந்தது. அப்போது வீட்டிலிருந்த மகன், பொறுக்கியெடுத்த மஞ்சள் மாத்திரைகளில் நிறம் சற்று அழுத்தமானவையே தினசரி மாத்திரை என்று ஊகித்து அடுக்கினார். அவை ஒன்பதுதான் இருந்தன. மீதி கட்டிலடியில் உருண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் தாயாருக்கு வாய் புண்ணானது. சூடு என்று மணத்தக்காளிக் கீரை கொடுத்தார்கள். (நாமும் அதைத்தான் செய்திருப்போம்!) பத்தாம் நாள் காய்ச்சலோடும், தண்ணீர்கூட விழுங்க முடியாமலும் வந்தார்கள். இரத்தத்தில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மிகவும் குறைந்திருந்தன.

எங்கள் மருந்தாளுநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மூணு ஞாயித்துக்கிழமைக்கு மூணு மூணா ஒன்பது. தினசரி மாத்திரைன்னா இருபத்துநாலுல்லா இருக்கணும்?" என்றார். மூன்று வாரத்து மெத்தோட்ரெக்சேட் பத்து நாளில் உள்ளே போயிருந்தது. இம்மருந்து அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. வாரம் ஒருமுறை என்றால் எலும்பு மஜ்ஜையும் வாயின் தோலும் இடையில் தேறிக்கொள்ளும்; தினமும் என்றால் தேற நேரமில்லை. மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மருந்தை நிறுத்தி, மாற்று மருந்தாகிய ஃபோலினிக் ஆசிட் ஊசியும் நோய்த்தொற்றுக்கு மருந்தும் கொடுத்தோம். வீட்டிலுள்ள ஃபோலிக் ஆசிட் மாத்திரை இதற்கு ஈடாகாது. இரண்டு வாரத்திற்குப் பின் தாயார் வீடு திரும்பினார்கள்.

எண்ணிக்கை சந்தேகத்தை எழுப்பும்; ஆனால் மாத்திரை இன்னதென்று அதனால் நிச்சயிக்க முடியாது. அட்டையில்லாத மாத்திரையைக் கண்ணால் பார்த்து எங்கள் மருந்தாளுநரும் பெயர் சொல்லமாட்டார். ஆகவே கலந்துபோனவற்றைத் திரும்ப அடுக்காமல் ஒரு கவரில் போட்டு, மருந்துச்சீட்டோடு அன்றைக்கே எடுத்து வாருங்கள், புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மெத்தோட்ரெக்சேட் ஒரிரு நாள் தள்ளிப்போனால் பெரிய கெடுதல் இல்லை. வலிப்பு மருந்து போன்றவை தள்ளிப்போகக் கூடாது என்பதால்தான் அன்றைக்கே வரச் சொல்கிறோம்.

அந்த வீட்டில் இப்போது மெத்தோட்ரெக்சேட் பெட்டிக்குள் போவதில்லை. அட்டையோடு தனி டப்பாவில் இருக்கிறது. மூடியில் "ஞாயிறு மட்டும்" என்று மகன் எழுதி ஒட்டியிருக்கிறார்.