நடுப் பில்லருக்கு எவ்வளவு பாரம்?

சிறிய வீடு கட்டும் பல இடங்களில் பில்லர் குழிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதைப் பார்க்கலாம். நான்குக்கு நான்கு அடி என்று மேஸ்திரி சொல்லிவிட்டால் மூலைக் குழியும் நடுக் குழியும் அப்படியே தோண்டப்படுகின்றன. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழிகளில் நிற்கப்போகும் பில்லர்கள் சுமப்பது ஒரே பாரம் அல்ல. யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதை வீட்டுக்காரரே ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஓரளவு கண்டுபிடித்துவிட முடியும்.

எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 520 சதுர அடி. தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி. வரிசைக்கு மூன்றாக ஒன்பது பில்லர்கள். அவற்றை இணைக்கும் பீம்கள், தளத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர்.

தளத்தின் மீது வைக்கும் எந்தப் பாரமும் நேராகக் கீழே போய்விடுவதில்லை. கட்டிலின் எடை முதலில் தளக் கான்கிரீட்டுக்குப் போகிறது. தளம் அதைப் பக்கத்திலுள்ள பீமிடம் தருகிறது, பீம் தன் இரு முனைகளிலும் உள்ள பில்லர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, பில்லர் பூட்டிங்குக்கு இறக்குகிறது, பூட்டிங் மண்ணில் பரப்புகிறது. இந்த வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பாரம் வேறு வழி தேடும். அந்த வழிக்குக் கம்பி கட்டப்பட்டிருக்காது.

தளம் எந்த பீமுக்கு எவ்வளவு தருகிறது? இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதற்கு எளிய வழி ஒன்றைக் காட்டுகிறது. கட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் 45 டிகிரி சாய்வில் கோடு இழுக்க வேண்டும். கோடுகள் நடுவில் சந்திக்கும்போது குட்டைப் பக்கங்களில் இரண்டு முக்கோணங்களும் நீளப் பக்கங்களில் இரண்டு சரிவகங்களும் கிடைக்கும். நம் கட்டத்தில் முக்கோணம் ஒவ்வொன்றும் 2.25 சதுர மீட்டர், சரிவகம் ஒவ்வொன்றும் 3.75 சதுர மீட்டர். அந்தந்தத் துண்டின் பாரம் அதை ஒட்டியுள்ள பீமுக்கு. நடுவில் ஓடும் பீமுக்கு இரு பக்கமும் தளம் இருப்பதால் பங்கு இரட்டிப்பாகிறது.

நடுப் பில்லரில் நான்கு பீம்கள் வந்து சேர்கின்றன. நீள பீம்கள் இரண்டும் சுமப்பதில் பாதியாக 7.5 சதுர மீட்டர், குட்டை பீம்களில் பாதியாக 4.5 சதுர மீட்டர் என மொத்தம் 12 சதுர மீட்டர் அதன் தலையில் இறங்குகிறது. இந்தச் சுற்றுவழி இல்லாமலும் இதே விடை வரும். பக்கத்துப் பில்லர் வரை உள்ள தூரத்தில் பாதியில், நாலாபுறமும் கோடு போட்டால் உள்ளே அடைபடும் பரப்பும் 12 சதுர மீட்டர்தான். இதைத்தான் பொறியாளர்கள் பில்லரின் பங்குப் பரப்பு என்கிறார்கள். மூலைப் பில்லருக்கு அதே முறையில் 3 சதுர மீட்டர், அதாவது கால் பங்கு மட்டுமே.

இனி எடை. ஐந்து அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ. தரை ஓடும் கலவையும் சுமார் 100 கிலோ. ஆட்கள், பொருட்களுக்காக வீடுகளில் 200 கிலோ வைக்க வேண்டும் என்பது விதி. ஆக 600 கிலோ. மொட்டை மாடியில் தட்டோடும் அதன் கீழுள்ள கலவையும் சேர்ந்து கணக்கை ஏறத்தாழ இதே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு தளத்துக்கும் சேர்த்து நடுப் பில்லருக்கு 14.4 டன், மூலைப் பில்லருக்கு 3.6 டன்.

தளத்தோடு கணக்கு முடியவில்லை. பலரும் மறப்பது சுவரைத்தான். பீமுக்குக் கீழே இரண்டரை மீட்டர் உயரத்துக்கு எழும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் 1.2 டன் இருக்கும். ஆட்களும் சாமானும் நிறைந்த இரண்டு சதுர மீட்டர் தளத்துக்கு அது சமம். நடுப் பில்லரின் பங்கில் ஒரு தளத்துக்கு ஏழு மீட்டர் சுவர் வருகிறது. தரைத்தளச் சுவர்கள் பிளிந்த் பீமின் மேல் நிற்பதால் அவையும் பில்லருக்கே வந்து சேரும். கதவுத் திறப்புகளைக் கழிக்காமல் பார்த்தால் இரண்டு தளத்துக்கும் 16.8 டன். தளத்தைவிடச் சுவர் கனமாக இருக்கிறது! உள்சுவரை நாலரை அங்குலமாகக் கட்டினால் இதில் பாதி குறையும்.

பீம்களையும் பில்லரின் சொந்த எடையையும் சேர்த்தால் நடுப் பில்லரின் அடியில் ஏறத்தாழ 35 டன் நிற்கிறது. மூலையில், கைப்பிடிச் சுவரோடு, 15 டன்னைச் சற்றே தாண்டும். பரப்பில் நாலுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் எடையில் இரண்டேகாலுக்கு ஒன்று என இறங்கியதற்குக் காரணம், சுவரின் நீளம் மூலையில் பாதியாகத்தான் குறைகிறது; பில்லரின் எடை குறைவதே இல்லை.

மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 15 டன் என்று பரிசோதனையில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பூட்டிங்கின் எடைக்காகப் பத்து சதவீதம் சேர்த்து வகுத்தால், நடுவில் 2.6 சதுர மீட்டர் வேண்டும். ஐந்தரை அடிச் சதுரம் போட வேண்டியிருக்கும். மூலைக்கு மூன்றரை அடிச் சதுரம் போதும். எல்லாவற்றுக்கும் நான்கடி என்று போட்டால், மூலைக்கு அடியில் சதுர மீட்டருக்கு 11 டன், அங்கே கவலையில்லை. நடுவிலோ 26 டன் அழுத்துகிறது. மூலையில் வீணான கான்கிரீட் நடுவில் தேவைப்பட்டது. கரிசல் மண்ணாக இருந்தால் இந்தக் கணக்கையே பயன்படுத்தக் கூடாது. அங்கே ஈரத்தில் மண் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் தனிப் பிரச்சினை.

பங்குப் பரப்பு முதல் மதிப்பீடுதான். ஒவ்வொரு பீமும் தன் பாரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது என்ற அனுமானத்தில் அது நிற்கிறது. உண்மையில் மூன்று பில்லர்களின் மேல் ஒரே தொடராக ஓடும் பீம், நடுப் பில்லருக்குக் கூடுதலாகத் தரும். சம நீளமுள்ள இரண்டு கண்ணறைகளில் அது கால் பங்கு வரை போகலாம். ஆக, நடுப் பில்லர் விஷயத்தில் பென்சில் கணக்கு குறைத்தே சொல்கிறது. மாடியை வெளியே நீட்டிக் கட்டினாலும் அப்படியே: பில்லருக்கு வெளியே தொங்கும் தளமும், அதன் நுனியில் ஏற்றும் சுவரும் ஓரப் பில்லரின் பங்கில்தான் சேரும். கீழே பில்லர் இல்லாத இடத்தில் பீமின் நடுவே மாடிப் பில்லரை ஊன்றுவது அதைவிட மோசம். அந்த பீமை அதற்கென்றே வடிவமைத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் நடு பூட்டிங் இறங்குகிறதா என்பதைச் சுவர் காட்டிக்கொடுக்கும். பூச்சில் வலைபோல் தெரியும் மயிரிழை விரிசல்களும், பீமின் அடியும் சுவரும் சேருமிடத்தில் கிடையாக ஓடும் கோடும் பெரும்பாலும் இதைக் குறிப்பதில்லை. சுவரின் கீழ் ஓரத்தில் தொடங்கி, நடுப் பில்லரை நோக்கிச் சாய்வாக ஏறும் விரிசலைக் கவனிக்க வேண்டும். அதோடு அருகிலுள்ள கதவு நிலையில் உரசத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதியைக் குறித்துவைப்பது பழைய முறை. சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று பொருள். அப்போது பூச்சு வேலைக்கு ஆளைக் கூப்பிடாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து நடுப் பில்லரின் ஓரமாகக் கவனமாகத் தோண்டி, பூட்டிங் எத்தனை அடி என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.