வாழைப்பழமும் ஊசியும்

சினத்தை வெளிப்படையாகக் காட்டுவோர் சிலர்; அதனைப் பணிவுச் சொற்களுக்குள் மறைத்துக் குத்துவோர் பலர். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம்மவர் சொல்வது இதனையே. மின்னஞ்சலில் இது மிக எளிது; எதிரிலிருப்பவரின் முகத்தை நாம் பார்க்க வேண்டியதில்லையல்லவா? சென்ற தவணையில் நாமே இவ்வாறு ஓர் ஊசியை ஏற்ற முனைந்த கதையை இங்கே கூறுகின்றோம்.

கிளிநொச்சிப் பகுதியிலுள்ள கல்லூரியொன்றில் தரம் 10 வகுப்பொன்றுக்கு நாம் வகுப்பாசிரியர். 24ஆந் திகதி பெற்றோருக்குத் தேர்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும். அக்கராயனிலிருந்தும் பூநகரியிலிருந்தும் அன்றைய கூலியை இழந்து வருகின்ற பெற்றோர் உளர். கணிதப் புள்ளி இல்லாமல் மாணவர் 38 பேரில் ஒருவருக்கேனும் மொத்தத்தையும் நிலையையும் எழுத இயலாது. கணித ஆசிரியரோ புள்ளிகளை 10ஆந் திகதி தருவதாகச் சொன்னார், தரவில்லை. பின்னர் 17 என்றார், அன்றும் தரவில்லை. 18ஆந் திகதி இரவு நாம் எழுதியது இது:

"தங்களுக்கு எத்தனையோ பெரிய பணிகள் இருப்பதை அறிவேன். இருப்பினும், ஏற்கெனவே பலமுறை தெரிவித்தபடி, இம்முறையாவது புள்ளிகளை அனுப்புவீர்களென நம்புகிறேன். மற்றைய ஆசிரியர்கள் எல்லோரும் உரிய நாளிலேயே தந்துவிட்டனர் என்பதைத் தயவுடன் நினைவூட்டுகிறேன்."

பிரதியொன்று அதிபருக்கும் செல்லும்படி அவருடைய முகவரியையும் சேர்த்தோம். அனுப்புமுன் மனைவியாரிடம் வாசித்துக் காட்டினோம். "இதைப் படித்தால் அவர் புள்ளி அனுப்பமாட்டார், பதில் அனுப்புவார். உங்களுக்கு எது வேண்டும்?" என்றார் அவர்.

ஊசிகளைத் தேடத் தொடங்கினோம். அவை பெரிய சொற்களில் இல்லை. தமிழின் சின்னஞ்சிறு இடைச்சொற்களில் இருந்தன. "இம்முறையாவது" என்பதிலுள்ள "ஆவது" அவருடைய பழைய தவறுகள் அனைத்தையும் ஒருங்கே சுமந்து நிற்கின்றது. "எல்லோரும்" என்பதன் முற்றும்மை அவர் ஒருவரையே வெளியே நிறுத்துகின்றது. "நாளிலேயே" என்பதன் ஏகாரம் அக்கதவைத் தாழிடுகின்றது. "பெரிய பணிகள்" என்பது பரிவுபோல வந்த ஏளனம். "பலமுறை" என்பது உண்மையுமன்று, இருமுறையே கேட்டிருந்தோம். இத்தகைய ஒரு மிகை போதும். அவர் அதனைப் பிடித்துக்கொண்டு வாதிடுவார், புள்ளிகள் மறக்கப்படும். அதிபருக்குச் சென்ற பிரதியோ கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லாமலே செய்த முறைப்பாடு.

இவற்றையெல்லாம் நீக்கி மறுபடி எழுதினோம்: "தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது புள்ளிகளை அனுப்பினால் உதவியாயிருக்கும்." இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஊசியோடு பழமும் போய்விட்டது! இருமுறை நாள் தவறியது இதில் இல்லை. நேரம் கிடைக்கும்போது போதுமென்று நாமே எழுதினால், அதனை நம்பி அவர் அடுத்த வாரம் அனுப்பினாற் குற்றம் யாருடையது?

ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு கேள்வியால் அளந்தோம். நடந்ததைச் சொல்கிறதா, அதனால் விளைந்ததைச் சொல்கிறதா, இனி வேண்டியதைச் சொல்கிறதா? இம்மூன்றில் எதையும் சொல்லாத வாக்கியம் நம் மனப்புண்ணை மாத்திரமே சொல்கின்றது, அதனை வெட்டினோம். மூன்றாம் முறை அமைந்தது இதுதான்:

"தரம் 10 கணிதப் புள்ளிகள் 10ஆந் திகதியும் பின்னர் 17ஆந் திகதியும் வருமென எதிர்பார்த்திருந்தேன், இன்னும் கிடைக்கவில்லை. இதனால் 38 அறிக்கைகளும் முடிவுறாமல் இருக்கின்றன. அவற்றை எழுத எனக்கு இரண்டு மாலைகள் வேண்டும்; 24ஆந் திகதி பெற்றோர் வருகிறார்கள். ஆகையால் 21ஆந் திகதி பிற்பகல் 2 மணிக்குள் புள்ளிகள் வேண்டும். அன்று முடியாதெனில் நாளையே அறியத்தாருங்கள். பெற்றோர் வரும் நாளை மாற்றும்படி அதிபரிடம் கேட்க வேண்டியிருக்கும். புள்ளிகளைப் பதிவதில் உதவி தேவையாயின் நான் வருகிறேன்."

முறைப்பாடு குறையவில்லை, இரண்டு திகதிகளும் முதல் வாக்கியத்திலேயே நிற்கின்றன. அதிபர் பெயரும் உண்டு. ஆனால் மறைவாக அன்று, எப்போது, எதற்காக என்ற விளக்கத்தோடு. தலைப்பிலும் "மூன்றாவது நினைவூட்டல்" என்பதை நீக்கி, "தரம் 10 கணிதப் புள்ளிகள் - 21ஆந் திகதிக்குள்" என்று இட்டோம். உடனே அனுப்பாமல், மறுநாட் காலையில் அவருடைய இடத்திலிருந்து ஒருமுறை வாசித்த பின்னரே அனுப்பினோம்.

21ஆந் திகதி 20 மாணவரின் புள்ளிகள் வந்தன. மிகுதி 18 மறுநாட் காலையில் வந்தன. முழுவெற்றி என்று சொல்லமுடியாது. நாம் இரவு நெடுநேரம் விழித்தெழுதினோம். ஆயினும் ஆசிரியர் ஓய்வறையில் அவர் தாமாகவே வந்து, "இரண்டு முறையும் தவறவிட்டது உண்மைதான், விடைத்தாள் திருத்தி முடியாமலே நாள் சொல்லிவிட்டேன்" என்றார். முதற் கடிதம் சென்றிருந்தால் இவ்வுண்மை நமக்குத் தெரிந்திராது. அடுத்த தவணையில் நாள் குறிக்குமுன், திருத்த வேண்டிய விடைத்தாள்கள் எத்தனை என்று கேட்கவிருக்கின்றோம்.

மூன்றாம் முறையும் நாள் தவறினால்? அப்பொழுது கடிதம் போதாது. நேரிற் சென்று பேசவேண்டும். அங்கேயும் "ஆவது" நாவில் வந்து நிற்கும். அதனை விழுங்கிவிட்டுத் திகதியைச் சொல்வோமாக.