மாத்திரையை உடைக்கலாமா? நாக்குக்கு அடியில் வைக்கலாமா?

(இந்த எபிசோடின் உரையாடல், படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டிருக்கிறது. பேசியவர்கள்: நிகழ்ச்சித் தொகுப்பாளர், மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் பணிபுரியும் மருந்தாளுநர்.)

தொகுப்பாளர்: மாத்திரை அட்டையில மருந்தோட பேருக்குப் பக்கத்துல எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.சி.ன்னு சின்ன எழுத்து இருக்கும். நம்ம யாரும் அதைப் படிக்கிறதில்ல. பேரும் மில்லிகிராமும் சரியா இருந்தா போதும்னு வாங்கிட்டு வந்துடுறோம். அக்கா, அந்த ரெண்டு எழுத்துல அப்படி என்ன இருக்கு?

மருந்தாளுநர்: மருந்து எங்க கரையணும், எவ்வளவு நேரத்துல கரையணும்னு அந்த ரெண்டு எழுத்துதான் சொல்லுது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனா கரையிற இடம் மாறினா உடம்புக்குள்ள அதோட வேலையே மாறிடும். இதை ஒரு வீட்டை வச்சுப் பார்த்தா சுலபமா புரியும்.

ஒரு பாட்டி இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. 78 வயசு. பக்கவாதம் வந்ததுக்கு அப்புறம் முழுங்கச் சிரமப்படுறாங்க. காலையில மூணு மாத்திரை. ரத்தக்கொதிப்புக்கு மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம் எக்ஸ்.எல்., சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 எஸ்.ஆர்., வயித்துக்கு பாண்டோப்ரசோல் 40. பேரன் அன்பாத்தான் செய்றான்: மூணையும் கரண்டியால நுணுக்கி, வாழைப்பழத்துல பிசைஞ்சு ஊட்டிடுறான்.

தொகுப்பாளர்: பல வீட்டுல நடக்கிறதுதானே அக்கா. வயித்துக்குள்ள போய் எல்லாம் ஒண்ணாத்தானே ஆகப்போகுது?

மருந்தாளுநர்: அங்கதான் சிக்கல். முதல்ல ரத்தக்கொதிப்பு மாத்திரை. எக்ஸ்.எல்., எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., பி.ஆர். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்: மெதுவா, நாள் முழுக்க மருந்தை விடுற மாத்திரை. இந்த மெட்டோப்ரோலால் மாத்திரைக்குள்ள நூத்துக்கணக்கான குட்டிக் குருணைகள் இருக்கு. ஒவ்வொரு குருணைக்கும் தனி உறை. அந்த உறை வழியா மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு, 24 மணி நேரத்துக்கு வருது.

பேரன் நுணுக்கினதும் குருணைகளோட உறை உடைஞ்சுடுது. காலையில 8 மணிக்குக் கொடுத்தா, 10 மணி வாக்குல ஒரு நாளைக்கான மருந்து மொத்தமும் ரத்தத்துல இருக்கும். பாட்டிக்குத் தலை சுத்தும், நாடித்துடிப்பு குறையும், எழுந்து நின்னா விழுந்துடுவாங்க. ராத்திரி ஆகும்போது மருந்து தீர்ந்துபோயிருக்கும். அடுத்த நாள் காலையில பிரஷர் பார்த்தா ஏறியிருக்கும். வீட்டுல என்ன நினைப்பாங்க? "மருந்து பத்தல, டோஸ் ஏத்தணும்." டோஸை ஏத்தினா காலையில தலைசுத்தல் இன்னும் மோசமாகும்.

தொகுப்பாளர்: அப்போ வெளியில இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மருந்தாளுநர்: நேரத்தைக் கவனிக்கணும். மாத்திரை கொடுத்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மட்டும் மயக்கம், அடுத்த டோஸுக்கு முன்னாடி மட்டும் பிரஷர் ஏத்தம்னு இருந்தா, "எப்படிக் கொடுக்கிறீங்க?"ன்னுதான் நான் முதல்ல கேட்பேன்.

ஒரு விதிவிலக்கும் சொல்லிடுறேன். இந்த மாத்திரையில நடுவுல கோடு இருந்தா, அந்தக் கோட்டுல பாதியா உடைக்கலாம், ஏன்னா குருணைகள் பாதிப் பாதியா பிரியும், அதோட உறை கெடாது. ஆனா மெல்லவோ நுணுக்கவோ கூடாது. எல்லா எஸ்.ஆர். மாத்திரையும் இப்படிப் பாதியா உடைக்க ஏத்தது கிடையாது. கோடு இல்லாததை உடைக்கவே வேண்டாம்.

தொகுப்பாளர்: மெட்ஃபார்மினும் அதே மாதிரியா?

மருந்தாளுநர்: அதுல குருணை கிடையாது. தண்ணி பட்டதும் மாத்திரையே ஊறி ஜெல்லி மாதிரி ஆகிடும். சப்ஜா விதை ஊறினா சுத்தி வழவழன்னு ஒரு படலம் வருமே, கிட்டத்தட்ட அப்படி. மருந்து அந்தப் படலத்தைத் தாண்டி மெதுவா வெளியே வருது. பொடி பண்ணிட்டா 1000 மில்லிகிராமும் ஒரே நேரத்துல குடலுக்குப் போய், குமட்டலும் வயித்துப்போக்கும் வரும். அதைத் தவிர்க்கத்தான் பல பேருக்கு எஸ்.ஆர். எழுதிக் கொடுக்கிறதே.

இன்னொரு விஷயம். முழுசா முழுங்குறவங்க சில பேர், "மாத்திரை மலத்துல அப்படியே வந்துடுச்சு, மருந்து வேலை செய்யலை"ன்னு பயந்து வருவாங்க. வெளியே வர்றது பெரும்பாலும் வெறும் கூடுதான். மருந்து ஏற்கெனவே உள்ள இறங்கியிருக்கும். அதுக்காக இன்னொரு மாத்திரை போட வேண்டாம்.

தொகுப்பாளர்: மூணாவது, பாண்டோப்ரசோல். அதுல எஸ்.ஆர். எல்லாம் இல்லையே?

மருந்தாளுநர்: அட்டையைத் திருப்பிப் பாருங்க, "கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்"னு போட்டிருக்கும். சில மருந்துல "என்ட்ரிக் கோட்டட்" அல்லது டி.ஆர். அர்த்தம் ஒண்ணுதான்: வயித்து அமிலத்துல கரையாத உறை. அமிலம் இருக்கிற வரைக்கும் அந்த உறை மூடியே இருக்கும். சிறுகுடலுக்குப் போனதும் அமிலத்தன்மை குறையுறதால கரைஞ்சு மருந்தை விடும்.

இதுல வேடிக்கை என்னன்னா, பாண்டோப்ரசோல் வயித்து அமிலத்தைக் குறைக்கிற மருந்து. ஆனா அதே அமிலம் பட்டா அதுவே சிதைஞ்சுபோயிடும். அதனால அது வயித்தைத் தாண்டிக் குடலுக்குப் போய், ரத்தத்துல கலந்து, ரத்தம் வழியா வயித்துச் சுவருக்குத் திரும்பி வந்து வேலை செய்யுது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடச் சொல்றது இந்தப் பயணத்துக்காகத்தான். பேரன் நுணுக்கும்போது உறை போச்சு. மருந்துல பெரும்பகுதி வயித்துலயே அழிஞ்சுடும். பாட்டி தினமும் மாத்திரை சாப்பிட்டும் நெஞ்செரிச்சலோட இருப்பாங்க.

தொகுப்பாளர்: சரி, முழுங்க முடியலைன்னா பாட்டிக்கு என்னதான் வழி?

மருந்தாளுநர்: மூணுக்கும் வழி இருக்கு, ஆனா டாக்டர்தான் மாத்தி எழுதணும். மெட்டோப்ரோலால் சாதாரண மாத்திரையா வருது. நாளைக்கு மொத்தம் 50 வேணும்னா, 25, 25ன்னு காலையும் ராத்திரியும் கொடுக்கலாம். அதை நுணுக்கலாம். மெட்ஃபார்மினையும் சாதாரண 500 மாத்திரையா ரெண்டு வேளைக்குப் பிரிக்கலாம். பாண்டோப்ரசோலுக்குப் பதிலா, அதே குடும்பத்துல ஒமேப்ரசோல் காப்ஸ்யூல் இருக்கு. திறந்தா உள்ள உறை போட்ட குட்டி உருண்டைகள். அதை மசிச்ச பழத்துல தூவி, மெல்லாம முழுங்க வைக்கலாம். அந்த உருண்டைகளை மட்டும் நசுக்கக் கூடாது. மூக்கு வழியா டியூப் போட்டிருந்தா இந்த விவரத்தைக் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா மெல்லிய டியூப்ல உருண்டை அடைச்சுக்கும்.

தொகுப்பாளர்: இப்போ நேர் எதிரா ஒரு கேள்வி. நெஞ்சு வலி வந்தா நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வைப்பாங்களே, அது ஏன் முழுங்கக் கூடாது?

மருந்தாளுநர்: முழுங்கின எந்த மருந்தும் குடல்ல இருந்து முதல்ல கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் ஒரு சுங்கச்சாவடி மாதிரி, தன் பங்கை எடுத்துட்டுத்தான் விடும். ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாதிரி மருந்துல அது பெரும்பகுதியை அழிச்சுடும். நாக்குக்கு அடியில இருக்கிற ரத்தநாளங்கள் கல்லீரலுக்குப் போகாம நேரா இதயத்துப் பக்கம் போகுது. அதனால சில நிமிஷத்துலயே வேலை ஆரம்பிச்சுடும்.

இந்த மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டவங்க, வலி வந்ததும் முதல்ல உட்காரணும், ஏன்னா பிரஷர் இறங்கும். நாக்குக்கு அடியில வச்சுட்டுக் கரையிற வரைக்கும் தண்ணி குடிக்கக் கூடாது, எச்சிலையும் முடிஞ்சவரை முழுங்காம இருக்கணும். லேசா தலைவலி வரலாம், அது மருந்தோட வேலைதான். 5 நிமிஷத்துல வலி குறையலைன்னா 108க்குப் போன் பண்ணணும். சில்டெனாஃபில், டடலாஃபில் மாதிரி ஆண்மைக் குறைவு மாத்திரை சமீபத்துல போட்டவங்க இதை வைக்கவே கூடாது. பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிடும். கூச்சப்பட்டு மறைக்கிற விஷயம் இல்ல இது.

தொகுப்பாளர்: அப்போ அவசரத்துக்கு எந்த மாத்திரையையும் நாக்குக்கு அடியில வைக்கலாமா?

மருந்தாளுநர்: கூடாது. கொஞ்ச அளவுலயே வேலை செய்ற, அந்தத் தோல் வழியா ஊடுருவக்கூடிய மருந்துக்குத்தான் அது பலிக்கும். ஒரு காலத்துல பிரஷர் எகிறினா நிஃபெடிபைன் காப்ஸ்யூலைக் குத்தி நாக்குக்கு அடியில சொட்டு விடுவாங்க. பிரஷர் கட்டுக்கடங்காம சரிஞ்சு, பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால 1990களின் நடுவுல அதைக் கைவிட்டாங்க. இன்னைக்கும் யாராவது அந்தப் பழைய வைத்தியத்தைச் சொன்னா செய்யாதீங்க.

தொகுப்பாளர்: கடைசியா, யாரும் சத்தமாப் பேசாத ஒண்ணு. சப்பாசிட்டரி.

மருந்தாளுநர்: ஆசனவாய்ல வைக்கிற மருந்து. குழந்தைக்குக் காய்ச்சல், கொடுத்த சிரப்பை எல்லாம் வாந்தி எடுக்குதுன்னா இதுதான் கைகொடுக்கும். உடம்புச் சூட்டுல உருகுற கொழுப்புல மருந்தைக் கலந்து செஞ்சிருப்பாங்க. அதனால நம்ம ஊர் வெயில்ல பையில வச்சாலே இளகிடும். அப்படி ஆனா, உறையோட கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சா கெட்டியாகும்.

பாராசிட்டமால்ல அளவைக் குழந்தையோட எடைதான் முடிவு பண்ணும்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரைக்கும். 12 கிலோ குழந்தைன்னா 170 மில்லிகிராம் சப்பாசிட்டரி பொருந்தும். குழந்தையை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சு (இதை மறந்து வைக்கிறவங்க உண்டு), நுனியைத் தண்ணில நனைச்சு, விரல் நுனி அளவுக்கு உள்ள தள்ளணும். அப்புறம் சில நிமிஷம் பின்பக்கத்தைச் சேர்த்துப் பிடிச்சுக்கணும்.

பெரிய ஆபத்து எங்கன்னா, அரை மணி நேரத்துல காய்ச்சல் இறங்கலைன்னு மேல ஒரு மூடி சிரப்பும் ஊத்துறது. ரெண்டும் ஒரே மருந்து. வாய் வழியா வந்தாலும் பின் வழியா வந்தாலும் கணக்கு ஒண்ணுதான், அடுத்த டோஸுக்குக் குறைஞ்சது 4 மணி நேரம், முடிஞ்சா 6 மணி நேரம் இடைவெளி வேணும்.

தொகுப்பாளர்: மருந்துக்கடையில நாங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னா?

மருந்தாளுநர்: "இதை உடைக்கலாமா, நுணுக்கலாமா?" அவ்வளவுதான். முழுங்கச் சிரமம் இருந்தா டாக்டர் சீட்டு எழுதும்போதே சொல்லிடுங்க. அப்புறம், கடையில வேற பிராண்டு மாத்திக் கொடுத்தா பேரையும் மில்லிகிராமையும் மட்டும் பார்க்காம, அந்த ரெண்டு எழுத்தும் அதேதானான்னு பாருங்க. எஸ்.ஆர். எழுதின இடத்துல சாதாரண மாத்திரை வந்தா அது அதே மருந்து இல்ல.

தொகுப்பாளர்: மக்களே, வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து அட்டைகளைத் திருப்பிப் பாருங்க. சந்தேகம் இருந்தா நீங்களே மாத்தாம, டாக்டர்கிட்டயோ மருந்தாளுநர்கிட்டயோ கேளுங்க.